பாலுண்ணி என்கிற மொலஸ்கம்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தோல் நோய்ப் புறநோயாளிப் பிரிவில் பணியாற்றுவதால், குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டிப் பெற்றோர் கேட்கும் சில கேள்விகள் வாரந்தோறும் என் காதில் விழுகின்றன. அவற்றை அவர்கள் கேட்கும் விதத்திலேயே எழுதி, எளிமையானவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாக இங்கே தொகுத்திருக்கிறேன்.

குழந்தையோட அக்குள் பக்கத்துல முத்து முத்தா வந்திருக்கு. அம்மை போட்டிருக்கா?

இல்லை. சின்னம்மையில் காய்ச்சல் வரும். நீர் கோத்த கொப்புளங்கள் ஓரிரு நாட்களில் உடல் முழுவதும் பரவி, ஒரு வாரத்துக்குள் பொருக்குத் தட்டிவிடும். மொலஸ்கம் பருக்கள் வந்த குழந்தையோ வழக்கம்போல ஓடியாடிக் கொண்டிருக்கும். காய்ச்சல் இராது, பசி குறையாது, பருக்களில் வலியும் பெரும்பாலும் இருப்பதில்லை. அவை வாரக்கணக்கில் ஒன்று, மூன்று, ஏழு என்று மெதுவாகக் கூடும்.

வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். ஒவ்வொரு பருவும் 2 முதல் 5 மில்லிமீட்டர் அகலத்தில், அரைக்கோளமாக, வழவழப்பாக, மெழுகு பூசியதுபோல் மினுங்கும். நம் மாநிறத் தோலில் அது தோலின் நிறத்திலேயோ சற்று வெளிறியோ தெரியும். உச்சியில் ஊசி முனையால் அழுத்தியதுபோல் ஒரு சிறு குழி இருக்கும். மிகச் சிறிய பருக்களில் அந்தக் குழி இன்னும் உருவாகாமல் இருக்கலாம். ஆகவே இருப்பவற்றுள் பெரிய பருவைத் தேர்ந்து, கைப்பேசியின் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்ப்பது நல்லது.

மருவும் இதுவும் ஒண்ணுதானே? நான் முதல்ல வியர்க்குருன்னு நினைச்சு பவுடர் போட்டேன்.

மூன்றும் வேறு வேறு. மருவின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். விரலிலும் பாதத்திலும் அதிகம் வரும். மொலஸ்கம் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மிக அரிதாகவே வரும். வியர்க்குரு ஒரே நாளில் கூட்டமாகக் கிளம்பி, குளிர்ச்சி கிடைத்ததும் சில நாட்களில் அடங்கிவிடும். பவுடர் போட்டதால் கெடுதல் எதுவும் நேர்ந்திராது.

சுத்தமாத்தான் வெச்சிருக்கோம். எப்படி வந்துச்சு?

சுத்தக்குறைவால் வருவதன்று. இது சின்னம்மை வைரஸ் அன்று, பெரியம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வைரஸ். மனிதர்களிடையே மட்டுமே பரவுகிறது. நாய், பூனையிடமிருந்து ஒட்டிக்கொள்வதில்லை. தோலோடு தோல் உரசும்போதும், ஒரே துண்டையோ குளியல் நாரையோ பலர் பயன்படுத்தும்போதும், தோலிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியே அது உள்ளே நுழைகிறது. வைரஸ் ஒட்டியதற்கும் முதல் பரு தெரிவதற்கும் இடையே இரண்டு வாரம் முதல் ஆறு மாதம் வரை ஆகலாம் என்பதால், யாரிடமிருந்து வந்தது என்று தேடுவது பெரும்பாலும் வீண்வேலை. பக்கத்து வீட்டுக் குழந்தையைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன் இதை நினைவில் கொள்ளவும்.

ஒரே குழந்தையின் உடலில் புதிய இடங்களுக்குப் பரவுவதற்குச் சொறிதல்தான் முதன்மைக் காரணம். நகத்தில் ஒட்டிய வைரஸ் கீறலின் தடத்திலேயே விதைக்கப்படுவதால், சில நேரம் பருக்கள் கோடு கிழித்ததுபோல் வரிசையாக முளைத்திருக்கும்.

மருந்தே வேண்டாம், தானா போயிடும்னு டாக்டர் சொல்றாரு. வைரஸ் எப்படித் தானா போகும்?

முதலில் அது ஏன் இவ்வளவு நாள் தங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தோலின் மேலடுக்கில் இரத்தக் குழாய்கள் கிடையாது. மொலஸ்கம் வைரஸ் அந்த மேலடுக்கின் செல்களுக்குள் மட்டுமே வாழ்கிறது; கீழே உள்ள அடுக்குக்கு இறங்குவதில்லை, இரத்தத்தில் கலப்பதில்லை, உள்ளுறுப்புகளைத் தொடுவதில்லை. இரத்தத்தில் சுற்றிவரும் நோய் எதிர்ப்புச் செல்களின் கண்ணில் படாமல் இருக்க இதுவே அதற்குப் பாதி உதவி. மீதியை வைரஸே செய்துகொள்கிறது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் 18 என்ற சமிக்ஞைப் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு புரதத்தையும், எதிர்ப்புச் செல்களை அழைத்துவரும் சமிக்ஞையை அடைத்துவிட இன்னொரு புரதத்தையும் அது உற்பத்தி செய்கிறது. எனவேதான் பரு இருந்தும் அதைச் சுற்றி மாதக்கணக்கில் சிவப்போ வீக்கமோ தெரிவதில்லை. உடல் அதை இன்னும் கண்டுகொள்ளவே இல்லை.

பருவுக்குள் வைரஸ் பெருகப் பெருக, அது நிறைந்த செல்கள் உப்பி, மேல்நோக்கித் தள்ளப்பட்டு, நடுவில் வெண்மையான கட்டியாகத் திரள்கின்றன. உச்சியில் நாம் காணும் குழி அந்தக் கட்டியின் வாய். பரு வளர்ந்தோ உரசியோ அதன் சுவர் உடையும்போது, உள்ளிருக்கும் வைரஸ் பொருள் கீழடுக்கில் கசிகிறது. அங்கே இரத்தக் குழாய்களும் எதிர்ப்புச் செல்களும் தயாராக இருக்கின்றன. அவை வைரஸை அடையாளம் கண்டுகொண்ட பிறகு அந்த ஒரு பருவோடு நிற்பதில்லை. உடலின் வேறு இடங்களில் இருக்கும் பருக்களையும் தேடிச் செல்கின்றன. பல மாதம் அசையாமல் இருந்தவை சில வாரங்களுக்குள் கூட்டமாக மறைவது இதனால்தான். அக்கியை உண்டாக்கும் வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வெளிவருகிறதே, அதுபோல் ஒளிந்துகொள்ள மொலஸ்கத்துக்கு உடலில் இடம் கிடையாது. பருக்கள் போனால் வைரஸும் போயிற்று.

அப்போ எத்தனை நாள் காத்திருக்கணும்?

நாளில் கணக்குப் பார்க்க முடியாது, மாதத்தில்தான் பார்க்க வேண்டும். ஒரு தனிப் பரு இரண்டு மாதம் அளவில் அடங்கலாம். ஆனால் பழையது போவதற்குள் புதியது முளைப்பதால் மொத்தக் காலம் நீள்கிறது. பிரிட்டனில் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வில், முழுமையாகக் குணமாகச் சராசரியாக 13 மாதங்கள் ஆயின. 18 மாதம் கழித்தும் ஏறத்தாழ பத்தில் மூன்று குழந்தைகளுக்குப் பருக்கள் இருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்தும் நூற்றில் 13 பேருக்கு இருந்தன.

"தானாகப் போய்விடும்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது என்பது என் கருத்து. அடுத்த மாதமே போய்விடும் என்று பெற்றோர் புரிந்துகொள்கிறார்கள். போகாதபோது வேறு மருத்துவமனை, வேறு களிம்பு என்று அலைகிறார்கள். ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அமைதியா இருந்த பரு திடீர்னு சிவந்து வீங்கிடுச்சு. சீழ் பிடிச்சிருச்சா? ஆன்டிபயாடிக் வேணுமா?

பெரும்பாலான நேரங்களில் வேண்டாம். இது நல்ல செய்தியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன, எதிர்ப்புச் செல்கள் பருவைக் கண்டுபிடிக்கும் தருணம் வெளியே இப்படித்தான் தெரியும். பரு சிவக்கும், சற்றே பெரிதாகும், லேசாக வலிக்கும், உச்சியில் மஞ்சளாகப் பொருக்குத் தட்டும். மாநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாமல் ஊதா கலந்த கருமையாகவும் தெரியலாம். தோல் மருத்துவர்கள் இதை முடிவின் தொடக்கம் என்றே குறிப்பிடுகிறார்கள். கவலைப்பட்டு ஓடிவரும் பெற்றோர் பலர் உண்மையில் நோய் விடைபெறும் வாரத்தில்தான் வருகிறார்கள்.

உண்மையான பாக்டீரியாத் தொற்றும் சில நேரம் நேர்வதுண்டு. சொறிந்து புண்ணான பருவில் அது வரும். எனவே வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். குணமாகும் அழற்சியில் குழந்தைக்குக் காய்ச்சல் இராது, சிவப்பு பருவை ஒட்டியே நிற்கும், பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பருக்கள் அவ்வாறு மாறும், சில நாட்களில் தணியத் தொடங்கும். தொற்றில் சிவப்பு நாளுக்கு நாள் வட்டமாக விரியும், தொட்டால் சூடாக இருக்கும், குழந்தை தொடவிடாது, சீழ் வடியும், காய்ச்சலும் வரலாம். பேனாவால் சிவப்பின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு போட்டு வைத்தால், மறுநாள் அது கோட்டைத் தாண்டியதா என்பது தெரிந்துவிடும். தாண்டியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டவும்.

இவளுக்கு ஏற்கனவே கரப்பான் இருக்கு. பருவைச் சுத்தி அரிச்சு அரிச்சுச் சொறியுறா. ஸ்டீராய்டு க்ரீம் போட்டா வைரஸ் அதிகமாயிடாதா?

அடோபிக் எக்சிமா எனப்படும் பரம்பரைக் கரப்பான் உள்ள குழந்தைகளின் தோலில் தடுப்புச் சுவர் பலவீனமாக இருப்பதால் மொலஸ்கம் எளிதில் பரவுகிறது. அதோடு, கரப்பான் இல்லாத குழந்தைகளுக்கும் பருக்களைச் சுற்றி வறண்டு அரிக்கும் திட்டுகள் தோன்றுவது உண்டு. அரிப்பால் சொறிவார்கள், சொறிந்தால், முன்பு கூறியபடி, நகம் வைரஸை விதைக்கும்.

ஆகவே அரிப்பை அடக்குவதுதான் பரவலையும் அடக்கும் வழி. மணமற்ற ஈரப்பத களிம்பை நாள்தோறும் இருமுறை தடவ வேண்டும். மருத்துவர் எழுதிய மிதமான ஸ்டீராய்டு களிம்பை, அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும், அரிக்கும் திட்டுகளின்மேல் போடலாம். அதற்கு அஞ்சிக் கரப்பானை எரியவிடுவதே அதிகக் கெடுதல். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்பு வேறு விஷயம். அதை வாங்கிப் போடவே கூடாது.

பத்து மாசமா இருக்கு, இப்போ முட்டியிலயும் முழங்கையிலயும் புதுசா பொரி பொரியா வந்திருக்கு. நோய் முத்திடுச்சா?

ஒரு குழந்தையின் போக்கை மாதவாரியாகப் பார்த்தால் இது விளங்கும். கரப்பான் உள்ள ஐந்து வயதுச் சிறுமி என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம் வலது அக்குளுக்குக் கீழே ஒரு பரு தெரிகிறது, யாரும் பொருட்படுத்தவில்லை. ஆகஸ்டில் அதே பக்க விலாவில் பத்துப் பன்னிரண்டு. கை உரசுவதால் மேற்கையின் உட்புறத்திலும் மூன்று நான்கு. அக்டோபரில் சுற்றிலும் அரிக்கும் திட்டுகள், சொறிந்த தடத்தில் வரிசையாக ஐந்து. ஈரப்பத களிம்பு ஒழுங்காகத் தடவத் தொடங்கியதும் அரிப்பு குறைகிறது. டிசம்பருக்குப் பிறகு புதியவை அரிதாகவே வருகின்றன, பழையவை அசையாமல் நிற்கின்றன. மார்ச்சில் விலாவில் மூன்று பருக்கள் சிவந்து வீங்குகின்றன.

இரண்டு வாரம் கழித்து முழங்கைகளிலும் முழங்கால்களிலும் இருபுறமும் ஒரே சமயத்தில் சிறுசிறு சிவந்த பொரிகள் வந்து நன்றாக அரிக்கின்றன. தாய் பதறுவது இயல்பே. ஆனால் அந்தப் பொரிகளை அருகில் வைத்துப் பார்த்தால் மினுக்கமும் இல்லை, உச்சியில் குழியும் இல்லை. பொதுவாக அவை வைரஸ் நிறைந்த புதிய மொலஸ்கம் பருக்கள் அல்ல. விழித்துக்கொண்ட எதிர்ப்பு ஆற்றலின் பக்கவிளைவு. இத்தகைய எதிர்வினை வந்த குழந்தைகளில் மொலஸ்கம் விரைவில் மறைவதை மருத்துவர்கள் அடிக்கடி காண்கிறார்கள். இந்தச் சிறுமிக்கும் மே மாதக் கடைசியில் விலாவில் வெளிறிய புள்ளிகள் மட்டுமே எஞ்சியிருக்கும். முட்டிப் பொரிகளுக்கு அரிப்பைத் தணிக்கும் மருந்து போதும். புதிய பொரிகளில் குழி தென்பட்டால் மட்டும் அவை பரவிய பருக்கள் என்று கொள்ள வேண்டும்.

அம்மான் பச்சரிசிப் பால் வெச்சா உதிர்ந்துடும்னு பாட்டி சொல்றாங்க. வைக்கலாமா?

அந்தச் செடியின் பால் தோலை எரிச்சலூட்டக் கூடியது. கண்ணில் பட்டால் கடுமையாக உறுத்தும். சில பருக்கள் அதனால் புண்ணாகி உதிரலாம். ஆனால் குழந்தையின் மென்மையான தோலில் அளவு தெரியாமல் வைக்கும்போது சுற்றியுள்ள தோலும் வெந்து, இல்லாத தழும்பு உண்டாகும். சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து வைப்பது இதைவிட மோசம். காரத்தால் வெந்த புண்ணோடு வரும் குழந்தைகளை நாங்கள் பார்க்கிறோம்.

கோயிலில் உப்பும் மிளகும் போட்டதும் போய்விட்டது என்பார்கள். வேண்டுதலால் உடம்புக்குத் தீங்கில்லை, மனத்துக்கு ஆறுதல், தாராளமாகச் செய்யலாம். பொதுவாக எல்லா வைத்தியமும் முயன்று சலித்த பத்தாம் பன்னிரண்டாம் மாதத்தில்தான் கடைசி வைத்தியம் தொடங்குகிறது; உடலும் ஏறக்குறைய அப்போதுதான் விழிக்கிறது. பெயர் கடைசி வைத்தியத்துக்குப் போகிறது. விலையுயர்ந்த களிம்புகளுக்கும் ஹோமியோபதி உருண்டைகளுக்கும் இதே கதைதான்.

நானே கிள்ளி அந்த வெள்ளையை எடுத்துட்டா என்ன?

உள்ளிருக்கும் வெண்கட்டி முழுக்க வைரஸ். கிள்ளும்போது அது விரலிலும் சுற்றுத் தோலிலும் பூசப்படும்; பாக்டீரியாவும் நுழையும்; தழும்பும் விழும். மருத்துவர் செய்யும்போது மரத்துப்போகும் களிம்பு தடவி, கிருமி நீக்கிய சிறு கரண்டி போன்ற கருவியாலோ ஊசியாலோ கட்டியை முழுதாக எடுக்கிறார். அந்த மரத்துப்போகும் களிம்பையும் வீட்டில் வாங்கித் தடவ வேண்டாம். அதிலுள்ள பிரிலோகெயின் சிறு குழந்தையின் உடலில் அதிகப் பரப்பில் ஏறினால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடக்கூடும். அளவையும் நேரத்தையும் எடைக்கு ஏற்ப மருத்துவரே முடிவு செய்வார்.

காத்திருக்க முடியாதுன்னா டாக்டர் கிட்ட வேற என்ன வழி இருக்கு?

நம் நாட்டில் அதிகம் பயன்படுவது 5 அல்லது 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். பல்குத்தும் குச்சி முனையில் தொட்டு, பருவின் உச்சியில் மட்டும் வைத்து, பரு சிவக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். சிவந்த பிறகும் தொடர்ந்து வைப்பதுதான் வழக்கமாக நேரும் தவறு. திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது வலிக்கும் என்பதாலும் மாநிறத் தோலில் வெள்ளைத் திட்டு விடும் என்பதாலும் சிறு குழந்தைகளுக்கு நான் பரிந்துரைக்கக் கேட்பது குறைவு. அமெரிக்காவில் காந்தாரிடின் என்ற கொப்புளமூட்டும் மருந்தை 2023இலும், வீட்டிலேயே தடவக்கூடிய பெர்டாசிமர் களிம்பை 2024இலும் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மொலஸ்கத்துக்கென்றே அங்கீகரித்தது.

இமிக்விமோட் களிம்பு சிலருக்கு இன்னும் எழுதப்படுகிறது. குழந்தைகளிடம் நடந்த சோதனைகளில் அது வெறும் களிம்பைவிட மேலானதாகத் தெரியவில்லை, எரிச்சல்தான் கூடுதல். எழுதிக் கொடுத்தால், ஏன் என்று மரியாதையோடு கேட்டுவிடலாம்.

ஸ்கூலுக்கு அனுப்பலாமா? நீச்சல் கிளாஸ்?

இரண்டுக்கும் அனுப்பலாம். ஓராண்டு நீளக்கூடிய ஒன்றுக்காகக் குழந்தையை வீட்டில் வைத்திருக்க முடியாது, தேவையும் இல்லை. சட்டை மறைக்கும் பருக்களுக்குச் சட்டையே போதும். வெளியே தெரிபவற்றின்மேல், நீச்சலின்போது குறிப்பாக, நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டலாம். துண்டையும் மிதவைப் பலகையையும் பிறரோடு பகிர வேண்டாம். மல்யுத்தம், கபடி போன்று உடல் உரசும் விளையாட்டில் பருக்களை முழுதாக மூடிக்கொள்ள வேண்டும்.

தம்பியையும் இவனையும் ஒண்ணாத்தான் குளிப்பாட்டுறேன். நிறுத்தணுமா?

ஆம், பருக்கள் போகும்வரை தனித்தனியாகக் குளிக்க வைப்பதும் தனித் துண்டு கொடுப்பதும் நல்லது. தம்பிக்கு ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இப்போது தெரியாது. மேலே சொன்ன ஆறு மாத இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டு, டம்ளரைப் பிரிக்க வேண்டியதில்லை. அண்ணனைக் கொஞ்சாமல் ஒதுக்கி வைக்கவும் வேண்டாம்.

கண் இமையில ஒண்ணு இருக்கு. கண்ணும் ஓயாம சிவக்குது.

இது காத்திருக்கக் கூடாத இடங்களுள் ஒன்று. இமை விளிம்பில் உள்ள பருவிலிருந்து வைரஸ் பொருள் கண்ணுக்குள் உதிர்வதால் கண் உறுத்திச் சிவக்கிறது. கண் சொட்டு மருந்து போட்டால் தற்காலிகமாகக் குறைந்து மீண்டும் வரும். இமையில் உள்ள பருவைக் கண் மருத்துவர் அகற்றினால் கண் தானே தெளியும். வீட்டு வைத்தியம் எதையும் அந்தப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

தொடை இடுக்குலயும் பிறப்புறுப்பு பக்கத்துலயும் இருக்கு. இன்டர்நெட்ல பால்வினை நோய்னு போட்டிருக்கு, பயமா இருக்கு.

பெரியவர்களுக்கு அந்தப் பகுதியில் உடலுறவு வழியே பரவுவதால் அப்படி எழுதியிருக்கிறார்கள். குழந்தைகளுக்குப் பொதுவாக வயிற்றிலோ தொடையிலோ உள்ள பருவைச் சொறிந்த கையால் அங்கும் பரவுகிறது. மற்ற இடங்களிலும் பருக்கள் இருந்தால் இந்த விளக்கமே பொருந்தும். மொலஸ்கம் ஒன்றை மட்டும் வைத்துத் துன்புறுத்தல் நடந்ததாக முடிவு கட்டக்கூடாது. ஆனால் வேறெங்கும் இல்லாமல் அங்கு மட்டும் இருந்தாலோ, குழந்தையின் நடத்தையில் திடீர் மாற்றமோ காயமோ இருந்தாலோ, குழந்தை மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும்.

போன பிறகு குழி விழுமா? மறுபடி வருமா?

தானாகப் போனவை பெரும்பாலும் வெளிறிய அல்லது கருத்த புள்ளியாக நின்று, சில மாதங்களில் தோலோடு கலந்துவிடும். நன்றாக வீங்கி அடங்கிய பருவின் இடத்தில் அம்மைத் தழும்பு போன்ற சிறு பள்ளம் தங்கலாம்; கிள்ளிய இடத்திலும் சுட்ட இடத்திலும் அது அதிகம். பழைய வைரஸ் மீண்டும் கிளம்பாது என்று முன்பே பார்த்தோம். வெளியிலிருந்து புதிதாக மீண்டும் ஒட்டலாம்.

எனக்கே முகத்துல வந்திருக்கு. குழந்தைகிட்டேர்ந்துதானே? விட்டுடலாமா?

குழந்தையிடமிருந்து ஒன்றிரண்டு பெற்றோருக்கு ஒட்டுவது உண்டு. ஆனால் பெரியவர் முகத்தில் பல பருக்கள் வந்தாலோ, அவை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதானாலோ எச்ஐவி பரிசோதனை செய்துகொள்வது முறை. எதிர்ப்பாற்றல் குறைந்த உடலில் இந்த வைரஸ் தடையின்றிப் பெருகும். புற்றுநோய் சிகிச்சையிலோ உறுப்பு மாற்றுக்குப் பிந்தைய மருந்துகளிலோ இருக்கும் குழந்தைகளுக்கும் "தானாகப் போய்விடும்" என்ற விதி பொருந்தாது. அவர்களுக்குக் காய்ச்சலோடு குழியுள்ள பருக்கள் தோன்றினால், அவை மொலஸ்கம்போல் தோற்றமளிக்கும் பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம். ஒரு பருவை எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் வரை மொலஸ்கம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது.